பல் கடிக்கும் சத்தம்

என் கணவர் தூக்கத்தில் பல்லைக் கடிப்பார். கல்யாணமான புதிதில் அந்தச் சத்தம் கேட்டுப் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். அம்மியில் மணலைப் போட்டு அரைப்பதுபோல நறநறவென்று கேட்கும். காலையில் சொன்னால் ஒத்துக்கொள்ளவே மாட்டார். "நானா? சும்மா கதை விடாத" என்பார். போகப் போகப் பழகிவிட்டது. சத்தம் கேட்டால் தூங்குவேன், கேட்காவிட்டால்தான் விழிப்பு வரும் என்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

ஒரு ஐப்பசி மழையில், வயலில் தேங்கிய தண்ணீரை வெளியேற்ற மோட்டார் கொட்டகைக்குப் போனார். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டிருக்கிறார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

மன்னார்குடியில் ஊர் ஓரமாக எங்கள் வீடு. அவர் போன பிறகு அதில் மிச்சம் இருந்தது நானும் என் மாமியாரும் ஒரு முயலும். நான் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். முயல் என் கணவர் ஆசைப்பட்டு வாங்கி வந்தது. சாம்பல் நிறம், ஒரு காது மட்டும் கொஞ்சம் மடங்கியிருக்கும். தினமும் வயலிலிருந்து திரும்பும்போது வண்டியின் பின்னால் ஒரு கட்டு அறுகம்புல் கட்டிக்கொண்டு வருவார். வண்டிச் சத்தம் கேட்டதுமே முயல் வாசலுக்கு ஓடும். அவர் போனதோடு அந்தப் புல்லும் வீட்டுக்கு வருவது நின்றுபோனது. அது நின்றுவிட்டது என்பதையே நாங்கள் கவனிக்கவில்லை.

காரியத்தன்று கொல்லையில் இலை போட்டு, அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்துவிட்டுக் காகத்துக்குக் காத்திருந்தோம். மதில்மேல் காகங்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை. கூடியிருந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். குறை இருக்கிறதாம், ஆசை அடங்கவில்லையாம். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனால் என்ன என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த நேரத்தில்தான் முயல் எங்கிருந்தோ தத்தித் தத்தி வந்து இலையில் இருந்த சர்க்கரைப் பொங்கலை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"வந்துட்டான். பாத்தியா, வந்துட்டான்."

அன்றிலிருந்து என் கணவருடைய சாப்பாட்டு வேளைகளெல்லாம் முயலின் வேளைகள் ஆயின. காலையில் டீயில் நனைத்த பிஸ்கட். மதியம் ஒரு பிடி சோறு. சாயங்காலம் பூவன் வாழைப்பழம். அமாவாசைக்கு அமாவாசை இலையில் பொங்கலும் அதிரசமும். முயல் சாப்பிட்ட பிறகுதான் அத்தை சாப்பிடுவார். "அத்தை, அதுக்கு முயல்னு பேரு" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "எனக்குத் தெரியாதா" என்றார். தெரிந்துதான் செய்கிறார் என்னும்போது நான் என்ன சொல்ல? சாப்பாட்டையே மறந்திருந்த மனுஷி அந்த சாக்கிலாவது ஒரு வாய் சாப்பிடுகிறாரே என்று விட்டுவிட்டேன். சர்க்கரை மாத்திரை போடுகிறவர், பட்டினி கிடந்தால் மயங்கி விழுவார் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

மார்கழியில் ஒரு விடிகாலை. பாதித் தூக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டது. நறநற. கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து, மிக அருகில். கண்ணைத் திறக்காமல் அப்படியே கிடந்தேன். திறந்தால் நின்றுவிடும் என்று தோன்றியது. பக்கத்து வீட்டு வானொலியில் திருப்பாவை ஆரம்பிக்கும்வரை கேட்டுக்கொண்டே கிடந்தேன். பிறகு குனிந்து பார்த்தபோது கட்டிலுக்கு அடியில் முயல் உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடி, தாடையை அசைத்துக்கொண்டிருந்தது.

எனக்கு ஏமாற்றமாக இருந்ததா? இல்லை. பேயும் பிசாசும் இல்லை என்று சாதிக்கிறவள் நான். மருந்துக்கடையில் தாயத்தை அவிழ்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் மறுநாள் படுக்கும்போது முயலுக்காக அறைக் கதவைத் திறந்தே வைத்தேன். அந்தச் சத்தத்தை அத்தையும் கேட்டிருக்கிறார். ஒருநாள் காபி கொடுக்கும்போது, "பல்லைக் கடிக்கிறான், கேட்டியா?" என்றார். நான் டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

தை அமாவாசை வந்தது. அத்தை விடிந்ததிலிருந்து சமைத்தார். இலை போட்டு விளக்கேற்றி, முயலைக் கூப்பிட்டார். அது வரவில்லை. தூக்கிக்கொண்டு வந்து இலைக்கு எதிரே விட்டோம். பொங்கலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரும்பி, சுவரைப் பார்த்து உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"நான் என்ன தப்பு பண்ணேன்? எம்மேல என்ன கோவம்?" என்று அத்தை அதனிடமே கேட்டார். அன்று முழுக்க அவரும் சாப்பிடவில்லை. கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். மாத்திரையை மட்டும் வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் முயல் அதே சுவரோரம் அதே மாதிரி இருந்தது. காது ஜில்லென்று இருந்தது. வீட்டில் எங்கேயும் ஒரு புழுக்கைகூட இல்லை. வாயுவாக இருக்கும் என்று நினைத்துக் கடைக்குப் போய்க் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வாயு சொட்டு மருந்தை எடுத்தேன். கூடவே ஒரு ஆன்டிபயாடிக் சிரப்பும் இருக்கட்டும் என்று கையில் எடுத்துவிட்டு, எதற்கும் அளவு கேட்டுக்கொள்வோம் என்று தஞ்சாவூரில் செல்லப்பிராணிகள் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"என்ன சிரப்பு?" என்றார். சொன்னேன். "கீழ வைங்க. அதை வாயில கொடுத்தா முயல் குடல்ல இருக்குற நல்ல கிருமியெல்லாம் செத்துரும், முயலும் செத்துரும். கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு? எப்ப புழுக்கை போட்டுச்சு?"

"நேத்து காலையில இருந்து ரெண்டும் இல்லைங்க."

"அப்ப இப்பவே கிளம்புங்க. சாயங்காலம் பாத்துக்கலாம்னு வச்சுக்காதீங்க. முயல் காத்திருக்காது."

வாடகைக் கார் பிடித்தேன். வர வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் அத்தை கேட்கவில்லை. முதல்நாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் இறங்காத உடம்போடு பின்சீட்டில் உட்கார்ந்து, முயல் இருந்த கூடையை மடியில் வைத்துக்கொண்டார். வடுவூர் ஏரியைத் தாண்டும்போது கூடைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. நறநற.

"கேக்குதா?" என்றார் அத்தை.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அறுப்பு முடிந்த வயல்களில் வைக்கோல் கட்டுகள் கிடந்தன.

"கேக்குதுன்னு சொல்லேன்."

"கேக்குது அத்தை."

கிளினிக்கில் நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. டாக்டரம்மா கூடையைப் பார்த்ததுமே முதலில் எங்களை உள்ளே தனி அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார். பயந்தாலே முயலுக்குக் குடல் ஓட்டம் குறைந்துவிடும் என்றார். என்னைவிட வயதில் சிறியவர், பேச்சில் மிச்சம் மீதி வைக்காதவர். உடம்புச் சூடு பார்த்தார். குறைந்திருந்தது. சூடுதண்ணீர்ப் பையைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தார். வயிற்றை விரல்களால் மெல்ல அமுக்கிப் பார்த்தார்.

"பிசைஞ்ச மாவு மாதிரி இருக்கு. நல்லவேளை, மத்தளம் மாதிரி விறைச்சு இல்ல. அப்படி இருந்தா அடைப்பு, வைத்தியமே வேற."

பிறகு ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்து வெகுநேரம் கேட்டார். நான் மருந்துக்கடைக்காரி என்று போனிலேயே சொல்லியிருந்தேன். அதனாலோ என்னவோ, அதைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"நல்லா இருக்குற முயல்னா உள்ள கொடகொடன்னு சின்னதா சத்தம் வந்துட்டே இருக்கும். கேட்டுப் பாருங்க."

ஒன்றும் கேட்கவில்லை. அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு டாக்டர் என் கணவரின் நெஞ்சில் இதே மாதிரி ஒன்றை வைத்துக் கேட்டுவிட்டுக் காதிலிருந்து கழற்றியது நினைவுக்கு வந்தது. அந்த டாக்டர் கேட்டதும் இந்த நிசப்தத்தைத்தான் போலிருக்கிறது. ஸ்டெதஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"இதயம் இல்லைம்மா, குடல்தான் நின்னிருக்கு. குடலை மறுபடி ஓட வைக்கலாம்" என்றார் டாக்டரம்மா. நான் எதை நினைத்தேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

அந்த நேரம் முயல் மறுபடி பல்லைக் கடித்தது. அத்தை மெதுவாகக் கேட்டார். "டாக்டரம்மா, இப்படிப் பல்லைக் கடிக்கிறானே, அது ஏன்?"

"வலிங்கம்மா."

"சந்தோஷத்துலயும் கடிக்கும்னு சொன்னாங்களே?" இது நான். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அப்படி இருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

"தடவிக் கொடுத்தா மெல்லிசா கடகடங்கும். அது சந்தோஷம். இப்படி உடம்பைக் குறுக்கிக்கிட்டு நறநறன்னு கடிச்சா வலி. எப்ப இருந்து கடிக்குது?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். "மார்கழியில இருந்து" என்றார் அத்தை.

"அப்ப மார்கழியில இருந்தே வலிச்சிருக்கு."

சின்ன டார்ச் பொருத்திய குழல் ஒன்றை முயலின் வாய்க்குள் விட்டுப் பார்த்தார். பிறகு என்ன தீனி கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அத்தை ஒன்று விடாமல் சொன்னார். பிஸ்கட், சோறு, பழம், பொங்கல், அதிரசம். சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

"அதுக்கு முன்னாடி?"

"புல்லு. எம்மவன் கொண்டாருவான்."

"இப்ப ஏன் கொண்டார்றதில்ல?"

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து அடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு எங்களுக்குப் புரியும்படி சொன்னார். முயலுக்குப் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேயும். சோற்றுக்கும் பிஸ்கட்டுக்கும் மெல்லுகிற வேலையே இல்லை. கடைவாய்ப் பல் கூர்முனையாக வளர்ந்து நாக்கைக் கிழித்திருக்கிறது. வலியில் தின்பது குறைந்தது, தண்ணீர் குடிப்பதும் குறைந்தது. ஏற்கெனவே நார் இல்லாத தீனி, குடலைத் தள்ளி நகர்த்த உள்ளே ஒன்றும் இல்லை. மாவும் சர்க்கரையும் புளித்து வாயுவாகக் கட்டிக்கொண்டது. வாயு கட்டினால் இன்னும் வலி. வலித்தால் குடல் இன்னும் நிற்கும். முயலுக்கு வாந்தி எடுக்கவும் முடியாது.

"குடல் ஓட மருந்து இருக்குல்லங்க, அதை முதல்ல போட்டுட்டா?" என்றேன். எங்கள் கடையில் தினமும் விற்கிற மாத்திரைதான் அது.

"மடையைத் திறந்துட்டா போதுமா? வாய்க்கால் மேடிட்டுக் கிடந்தா தண்ணி எங்க போகும்? மொதல்ல தோலுக்கடியில தண்ணி ஏத்தணும், உள்ள காஞ்சு கெட்டியானது இளகும். வலி போகணும், அப்பதான் வாயைத் திறக்கும். நார்த்தீனி உள்ள போகணும், குடலைத் தள்ளுறதே அதுதான். அதோட சேர்ந்து இந்த மருந்து. தனியா இதுக்கு அவ்வளவு தெம்பு இல்ல."

"வலி மருந்துன்னா மெலாக்சிகாமா? தண்ணி வத்துன உடம்புல கிட்னிக்கு ஆகாதே?"

முதல் தடவையாகச் சிரித்தார். "அதனாலதான் தண்ணி ஏத்திட்டு அது. அதுவரைக்கும் வேற வலி ஊசி போடுறேன்."

முயலின் முதுகில் தண்ணீர் ஏறி ஒரு சின்ன மூட்டைபோலப் புடைத்தது. ஊசி போட்டுச் சற்று நேரம் கழித்துப் பல் கடிக்கும் சத்தம் நின்றது. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது நிம்மதி இல்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கும் அதேதான். மார்கழி முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஜீவன் வலியில் துடித்ததைக் காது குளிரக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறோம்.

சாயங்காலம் வரை வைத்திருந்து, உடம்பில் சூடு ஏறிய பிறகு எங்களோடு அனுப்பினார். காய்ந்த புல்லை அரைத்த பொடி கொடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, முன்பல்லுக்குப் பின்னால் இருக்கிற இடைவெளியில் பக்கவாட்டில் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவேண்டும். விழுங்க விழுங்கத்தான் அடுத்தது. வயிறு விறைத்தால் உடனே நிறுத்திவிட்டுப் போன் செய்யவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை துண்டால் முயலைக் குழந்தைபோலச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். நான் கொடுத்தேன். முதல் தடவை பாதிக்கு மேல் என் புடவையில் துப்பிவிட்டது. "அவன் கசாயத்தையும் இப்படித்தான் துப்புவான்" என்றார் அத்தை. பிறகு, "நீயும் சாப்பிடு, நானும் சாப்பிடுறேன்" என்று அதனிடம் சொல்லிவிட்டு, என்னிடம் ரசம் சோறு கேட்டார். சொல்லாமல் கொள்ளாமல் எனக்கு அழுகை வந்துவிட்டது. சோற்றைப் பிசைந்து கொடுத்து, மாத்திரையையும் போடவைத்தேன்.

மறுநாள் மதியம் கொல்லையிலிருந்து அத்தையின் கூச்சல் கேட்டது. பதறி ஓடினேன். உள்ளங்கையை நீட்டினார். சின்னதாக, காய்ந்து, முடியால் கோத்த மாதிரி சில புழுக்கைகள். விபூதி வாங்கினவர்போல அதை ஏந்திக்கொண்டு நின்றார். "நெத்தியில இட்டுக்காதீங்க அத்தை" என்றேன். சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

பொடி மட்டும் போதாது, பச்சைப் புல்லும் காய்ந்த புல்லும் எப்போதும் எதிரே இருக்கவேண்டும், மருந்தடித்த வரப்புப் புல் கூடவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எங்கள் வயலில் மருந்தடிக்காத இடம் ஒன்றுதான், மோட்டார் கொட்டகையைச் சுற்றி. என் கணவர் புல் அறுத்ததும் அங்கேதான் என்று அப்போதுதான் புரிந்தது. ஐப்பசிக்குப் பிறகு அந்தப் பக்கமே போகாதவள், ஒரு காலையில் ஸ்கூட்டியில் அரிவாளோடு போனேன். கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு அறுத்தேன். யாரோ கதவருகே நின்று, இப்படியா அரிவாளைப் பிடிப்பாய் என்று கேலி செய்வதுபோலவே இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. புல்லை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டுத் தெருவுக்குள் திரும்பியபோது, முயல் வாசலில் நின்றுகொண்டிருந்தது. அத்தை அதற்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் யாரைப் பார்க்க வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

உடம்பு தேறியதும் மயக்க மருந்து கொடுத்துப் பல்லின் கூர்முனையை ராவித் தேய்த்துவிட்டார்கள். அதன்பிறகு முயல் ஒரு நாளும் பல்லைக் கடிக்கவில்லை. வீடு நிசப்தமாகிவிட்டது. விடிகாலையில் விழித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் காது கொடுத்துக் கிடப்பேன். புல்லை மெல்லும் சத்தம் மட்டும் வரும். அது முயலின் சத்தம். முயலுக்கு மட்டுமே உரிய சத்தம்.

மாசி அமாவாசைக்கு அத்தை வழக்கம்போலச் சமைத்தார். இலை போட்டார். ஆனால் முயலைக் கூப்பிடவில்லை. அது கொல்லையின் மறுகோடியில் புல்கட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருந்தது. காகங்கள் மதில்மேல் உட்கார்ந்திருந்தன. இறங்கவில்லை. வெயில் ஏறியது. பொங்கலில் நெய் உறைந்தது. அத்தை கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. எல்லாம் தெரிந்தவள் நான். நாரும் மாவும் வாயுவும் வலியும் எது எதனால் வருகிறது என்று ஒப்பிக்கத் தெரிந்தவள். இலையிலிருந்து ஒரு கவளம் பொங்கலை எடுத்துக்கொண்டு போய் முயலின் முன்னால் குந்தினேன். ஒரே ஒரு வாய், ஒரு வாயால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். அது மட்டுமா நினைத்தேன்? அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது. வலியோ என்னவோ, மறுபடி ஒரு காலையில் அது என் பக்கத்திலிருந்து கேட்டால் போதும் என்றிருந்தது. முயல் தலையைத் தூக்கி, மூக்கை ஆட்டிக்கொண்டு என் விரலை நோக்கி நகர்ந்தது.

பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அத்தை. கோபமாகப் பிடிக்கவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பொங்கலைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"வேணாம்மா" என்றார். "அவனுக்கு வலிக்கும்."